மாடிப்படி முறை மாற்ற ஒரு மின்னஞ்சல்

ஜெர்மனியில் குடியேறுபவர்களுக்காக 2005 முதல் அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு நடக்கிறது. வழக்கமான வகுப்பில் 600 பாடவேளை மொழிக்கு. 100 பாடவேளை அந்நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறைக்கு. மொழித் தேர்வில் எழுதுவதற்கு 30 நிமிடம். கட்டுரை எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் ஆசிரியர் என்று யாருக்காவது ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுத வேண்டும். கொடுக்கும் இரண்டு தலைப்புகளில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்கலாம். அதன் கீழ் நான்கு குறிப்புகள் இருக்கும், நான்கையும் எழுதியாக வேண்டும். மிகச் சரியான பாடத்திட்டம் என்றே சொல்வேன். வந்த முதல் மாதங்களிலேயே தேவைப்படும் எழுத்து அதுதான்.

ஸ்டுட்கார்ட் நகரத்து அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தப் பகுதியில் 'கேர்வோஹ' என்ற பழைய வழக்கம் உண்டு. குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துப் பொது இடங்களைச் சுத்தம் செய்வார்கள். 'சின்ன' முறையில் மாடிப்படி. 'பெரிய' முறையில் வாசல், நடைபாதை, பனிக்காலத்தில் பனி தள்ளுவதும் சேரும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். வாடகை ஒப்பந்தத்தில் இந்தக் கடமை எழுதியிருந்தால், ஊரில் இல்லை என்பதற்காக அது தள்ளிப்போகாது. மாற்று ஆளை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு மே 12 முதல் 18 வரை முறை. அதே வாரம் வேலைக்காக வெளியூர் போகிறார். அடுத்த முறைக்காரர் மூன்றாம் மாடி அம்மையார். அவருக்கு எழுத வேண்டும்.

நம்மவர் முதல் வரைவு எப்படி வரும் என்று எளிதில் ஊகிக்கலாம். நலம் விசாரிப்பு, புது ஊர் அனுபவம், தொந்தரவுக்கு மன்னிப்பு, கடைசியில் 'முடிந்தால் கொஞ்சம் உதவுங்கள்'. அன்போடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் என்ன உதவி, எந்தத் தேதியில் என்று படிப்பவருக்குத் தெரியாது. அந்த அம்மையாரால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் பதிலே வராது. அதை அவருடைய வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு புதியவர் மனம் நோவதும் நடக்கிறது.

வேலை செய்யும் மடல் இப்படி இருக்கும். பொருள் வரியில் 'மாடிப்படி முறை, மே 12–18'. பிறகு, குடும்பப் பெயர் சொல்லி ஒரு விளி. அதன் கீழே:

"நான் இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். மே 12 முதல் 18 வரை மாடிப்படி என் முறை. அந்த வாரம் வேலைக்காக வெளியூர் போவதால் என்னால் செய்ய முடியாது. நாம் இருவரும் வாரத்தை மாற்றிக்கொள்ளலாமா? 19 முதல் 25 வரை உங்கள் முறையை நான் செய்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதினால் உதவியாக இருக்கும்."

யார், ஏன், என்ன வேண்டும், பதிலுக்கு என்ன தருகிறேன் என்ற நான்கு குறிப்புகளும் இதில் வந்துவிட்டன. மூன்றாவது மடலின் உயிர், நான்காவது அதன் மரியாதை. வெறும் உதவி கேட்டால் அவருக்குச் சுமை. மாற்றிக்கொள்ளலாமா என்றால் இருவருக்கும் சமம்.

இதை ஜெர்மனில் எழுதும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முன்பின் தெரியாத பெரியவரை 'ஸீ' என்றுதான் அழைக்க வேண்டும், அது நம் 'நீங்கள்'. அதன் முதல் எழுத்து வாக்கியத்தின் நடுவிலும் பெரிய எழுத்தாகவே வரும். 'டூ' என்று எழுதிவிட்டால் ஒருமையில் பேசியது போலாகும். அடுத்து, வேண்டுகோளை நேராக 'மாற்றுங்கள்' என்று எழுதாமல் 'மாற்ற முடியுமா' என்ற பணிவான வினைவடிவத்தில் எழுத வேண்டும். மூன்றாவது, காரணம் சொல்லும் 'வைல்' வாக்கியம். ஜெர்மனில் சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்கும். 'வைல்' வந்தால் கடைசிக்குப் போய்விடும். வினையில் முடிப்பது தமிழர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் ஆங்கிலத்தின் வழியாக யோசிப்பவர்கள் அதை நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்தை இந்த மூன்றையும் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

அம்மையார் சம்மதம் என்று எழுதினால், நன்றி சொல்லித் தேதிகளை மறுபடி குறிப்பிட்டு ஒரு வரி அனுப்ப வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன் கதவுப் பலகையைக் கழற்றி அவர் கதவில் மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த வாரம் படி அழுக்காக இருந்தால் மற்றவர்கள் பலகை தொங்கும் வீட்டைத்தான் பார்ப்பார்கள்.