கொலைவாளுக்கு முன்னால் புது வெள்ளம்: ஒலிப்புத்தகங்களை வரிசையில் நிறுத்துவது எப்படி?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்டது. அத்தியாயத்துக்கு ஓர் எம்பி3 ஃபைல் என்று வைத்திருப்பவர்கள் அதை ஃபோனில் ஏற்றித் திறந்தால், பல சமயம் பட்டியலில் முதலில் நிற்பது மூன்றாம் பாகமான 'கொலைவாள்'. அடுத்து இரண்டாம் பாகமான 'சுழற்காற்று', பிறகு ஐந்தாம் பாகம் 'தியாக சிகரம்'. கதை தொடங்கும் 'புது வெள்ளம்' நான்காவதாக வரும். கடைசியில் 'மணிமகுடம்'.

இது பிளேயரின் கோளாறு அல்ல. க, ச, த, ப, ம என்று அகர வரிசையை அது சரியாகவே பின்பற்றியிருக்கிறது. எந்தப் பாகம் முதலில் எழுதப்பட்டது என்று அதற்குச் சொல்ல வேண்டியது நாம்தான். சொல்வதற்கான இடம், ஒவ்வொரு எம்பி3 ஃபைலுக்குள்ளும் ஒலியோடு சேர்ந்து பதிந்திருக்கும் 'டேக்' என்ற சிறு பகுதி. தலைப்பு, ஆல்பம், ஆர்ட்டிஸ்ட், டிராக் எண், அட்டைப்படம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பெரும்பாலான பாட்டு பிளேயர்கள் ஃபைலின் பெயரைப் பார்ப்பதில்லை. டேக்கைப் படித்துத்தான் அடுக்குகின்றன.

டேக்கைத் திருத்த விண்டோஸில் Mp3tag என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு Kid3 உண்டு. இங்கே Mp3tag-ஐ வைத்தே ஒரு பாகத்தைச் சரிசெய்து பார்ப்போம். அதற்கு முன் முழு ஃபோல்டரையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 57 ஃபைல்களில் ஒரே சொடுக்கில் தவறான பெயர் ஏறிவிட்டால் பிரதிதான் காப்பாற்றும்.

'புது வெள்ளம்' ஃபோல்டரைத் திறந்து, 57 அத்தியாயங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கப் பெட்டியில் ஆல்பம் என்ற இடத்தில் 'பொன்னியின் செல்வன் 1 - புது வெள்ளம்' என்று எழுதுங்கள். நூலின் பெயரும் பாகத்தின் எண்ணும் பாகப் பெயருக்கு முன்னால் வந்துவிட்டதால், ஆல்பம் பெயரை வைத்து அடுக்கும் பிளேயர் இனி ஐந்து பாகங்களையும் ஒரே இடத்தில், ஒன்று முதல் ஐந்து வரை அடுக்கியே தீரும்.

ஐந்தையும் ஒரே ஆல்பமாக்கி, டிஸ்க் எண் என்ற இடத்தில் 1, 2, 3 என்று போட்டால் போதாதா என்று கேட்கலாம். டிஸ்க் எண்ணை மதிக்கும் பிளேயரில் அது வேலை செய்யும். மதிக்காத பிளேயரில் ஐந்து பாகங்களின் முதல் அத்தியாயங்களும் அடுத்தடுத்து ஒலிக்கும். பிறகு ஐந்து இரண்டாம் அத்தியாயங்கள் வரும். ஆகவே பாகத்துக்கு ஓர் ஆல்பம் என்பதே பாதுகாப்பான வழி.

அடுத்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடம். இதை வெறுமையாக விடுவதால்தான் ஒரே புத்தகம் பல துண்டுகளாக உடைகிறது. சில அத்தியாயங்களை ஒருவரும் மற்றவற்றை இன்னொருவரும் படித்திருந்து, ஆர்ட்டிஸ்ட் இடத்தில் படித்தவரின் பெயர் இருந்தால், பிளேயர் அதை இரண்டு ஆல்பங்களாகக் காட்டிவிடும். ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இரண்டிலும் 'கல்கி' என்றே எழுதுங்கள். படித்தவரின் பெயரைக் கம்போசர் என்ற இடத்தில் வைப்பது ஒலிப்புத்தகக்காரர்களின் வழக்கம். ஓர் இடத்தில் 'கல்கி', இன்னோர் இடத்தில் 'கல்கி கிருஷ்ணமூர்த்தி' என்று இருந்தால் பிளேயருக்கு அவர்கள் இருவர். கடைசியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளிகூட சில பிளேயர்களில் ஆளைப் பிரித்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல், எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் எழுதுங்கள்.

இனி அத்தியாய எண். ஃபைல்கள் 1, 2, 3 என்று பெயரிடப்பட்டிருந்தால், எழுத்து எழுத்தாக ஒப்பிடும் பிளேயர் 1-க்கு அடுத்து 10, 11 என்று 19 வரை போய்விட்டு அப்புறம்தான் 2-க்கு வரும். Mp3tag-இன் ஆட்டோ நம்பரிங் வசதி டிராக் எண்களை வரிசையாகப் போட்டுத் தரும். ஆனால் திரையில் ஃபைல்கள் எந்த வரிசையில் தெரிகின்றனவோ, அதே வரிசையில்தான் எண் விழும். முதல் வரியில் 'ஆடித்திருநாள்', இரண்டாவதில் 'ஆழ்வார்க்கடியான் நம்பி' என்று கதை வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு எண் போடுங்கள்.

பிறகு அந்த எண்ணையே ஃபைல் பெயரிலும் ஏற்ற வேண்டும். டேக்கைப் பார்க்காமல் ஃபோல்டரையும் ஃபைல் பெயரையும் மட்டும் பார்க்கும் கருவிகள் நிறைய இருக்கின்றன. கார்களில் பென்டிரைவ் செருகும் பிளேயர்கள் பலவும் அப்படித்தான். டேக்கிலிருந்து ஃபைல் பெயருக்கு மாற்றும் வசதியைத் திறந்து இதை எழுதுங்கள்:

```
$num(%track%,3) - %title%
```

'001 - ஆடித்திருநாள்' என்று பெயர் மாறும். எல்லா எண்களும் மூன்று இலக்கமாக இருப்பதால் 10 இனி 2-ஐ முந்தாது.

தமிழில் டேக் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஐடி3 என்ற இந்த முறையின் 1996-ஆம் ஆண்டுப் பதிப்பில் தலைப்புக்கு ஒதுக்கிய இடம் 30 பைட்டுகள்தான். ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்தது அது. 'பொன்னியின் செல்வன்' என்ற பெயரை இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் எழுதவே 52 பைட்டுகள் வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில் இந்தக் குறை இல்லை. Mp3tag-இன் அமைப்புகளில் எம்பெக் பகுதிக்குப் போய் `ID3v2.3 UTF-16` என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய 2.4 பதிப்பைப் படிக்கத் தெரியாத பழைய கருவிகளும் இதைப் படித்துவிடும்.

எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றால், திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டேக் சரியாக இருக்கிறது, கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அந்தக் கருவிக்கு மட்டும் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் வைக்கலாம். `à®` என்ற குறிகள் திரும்பத் திரும்ப வந்தால், தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, அதைத் தவறான முறையில் படிக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே சொன்ன அமைப்பில் திரும்ப எழுதினால் சரியாகும். வெறும் கேள்விக்குறிகள் வரும் ஃபைலை Mp3tag-இல் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் எழுத்துகள் தொலைந்துவிட்டன. புதிதாகத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக அட்டைப்படம். படம் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் தனித்தனியாகப் பதியும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு எம்பி அளவுள்ள படத்தை 293 அத்தியாயங்களிலும் வைத்தால், படத்துக்கு மட்டுமே 293 எம்பி போய்விடும். 600 பிக்சல் அகலமும் உயரமும் உள்ள சதுரமான ஜேபெக் படம் ஃபோன் திரைக்குப் போதும். புத்தக அட்டை நெட்டையாக இருக்கும். அப்படியே சதுரமாக வெட்டினால் தலைப்பு பறிபோகலாம். இரு பக்கமும் ஒரே நிறத்தில் பட்டை சேர்த்துச் சதுரமாக்குவது நல்லது. மூலையில் பாக எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டால் சிறிய திரையிலும் பாகம் அடையாளம் தெரியும். ஃபோனில் தெரியும் படம் காரில் தெரியவில்லை என்றால், அது புரோகிரசிவ் வகை ஜேபெக்காக இருக்கலாம். பெயின்ட்டில் திறந்து மறுபடி ஜேபெக்காகச் சேமித்து வைத்துப் பாருங்கள். படத்தை மாற்றிய பிறகும் பழையதே தெரிந்தால், ஃபோன் முன்பு சேமித்துவைத்த பிரதியைக் காட்டுகிறது. பிளேயரின் கேஷை அழித்தால் புதுப் படம் வந்துவிடும்.

ஐந்து பாகங்களையும் உடனே முடித்துவிட வேண்டாம். முதல் இரண்டு பாகங்களை மட்டும் திருத்தி, நீங்கள் கேட்கப்போகும் எல்லாக் கருவிகளிலும் போட்டுப் பாருங்கள். மூன்று இடங்களைச் சோதித்தால் போதும். முதல் பாகத்தில் 9-ஆம் அத்தியாயத்துக்கு அடுத்து 10 வர வேண்டும். 19-க்கு அடுத்து 20 வர வேண்டும். ஆல்பம் பட்டியலில் 'புது வெள்ளம்' முடிந்த உடனே 'சுழற்காற்று' நின்று, அதைத் திறந்ததும் 'பூங்குழலி' என்ற அத்தியாயம் முதலில் வர வேண்டும். இவை மூன்றும் சரியாக இருந்தால், மீதி மூன்று பாகங்களையும் இதே முறையில் முடித்துவிடலாம்.