வீட்டில் ஒன்பது கருவிகள், வெளியே ஒரே முகவரி

கடந்த பருவ விடுமுறையில், தம்பியும் அவன் நண்பர்களும் சேர்ந்து விளையாடுவதற்காக என் மடிக்கணினியில் மைன்கிராப்ட் சர்வர் ஒன்றை அமைத்தேன். வீட்டில் இருந்த தம்பியால் உடனே நுழைய முடிந்தது. கிள்ளானில் இருந்த அவன் நண்பனால் முடியவில்லை. இரண்டு மாலைப் பொழுதுகள் வீணான பிறகுதான், கோளாறு சர்வரில் இல்லை, எங்கள் வீட்டு இணைய முகவரியில் இருக்கிறது என்று புரிந்தது.

பழைய ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 4.3 பில்லியன் முகவரிகளே உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி என ஒன்பது கருவிகள் வைஃபையில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுத்தால் உலகத்துக்கே போதாது. அதனால் வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை ரவுட்டர் கொடுக்கிறது. இதே எண்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். அவை வெளி இணையத்தில் செல்லாது. வெளியே தெரிவது ரவுட்டருக்குக் கிடைத்த ஒரே பொது முகவரிதான்.

அப்படியானால், திரும்பி வரும் பதில் எந்தக் கருவிக்கு என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் போர்ட் எண் உதவுகிறது. ஒவ்வொரு தொடர்பிலும் முகவரியோடு 65,535 வரையிலான ஒரு போர்ட் எண்ணும் சேர்ந்தே போகிறது. கைப்பேசியும் மடிக்கணினியும் ஒரே நேரத்தில் ஒரே இணையத்தளத்தைத் திறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தற்செயலாக இரண்டுமே 51000 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகின்றன. ரவுட்டர் தன் அட்டவணையில் இப்படிக் குறித்துக்கொள்ளும் (எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்):

```
192.168.0.12:51000 -> 203.0.113.25:51000
192.168.0.15:51000 -> 203.0.113.25:51001
```

முதல் வரி கைப்பேசி, இரண்டாவது மடிக்கணினி. மோதல் வராதபடி மடிக்கணினியின் போர்ட்டை ரவுட்டர் 51001 என்று மாற்றிவிட்டது. பதில் 51001க்கு வந்தால், அட்டவணையைப் பார்த்து, முகவரியையும் போர்ட்டையும் பழையபடி மாற்றி மடிக்கணினிக்கு அனுப்புகிறது. முகவரியை இப்படி மாற்றி அனுப்பும் முறைக்குத்தான் ‘நாட்’ என்று பெயர்.

இந்த வரிகள் எல்லாம் உள்ளிருந்து வெளியே போகும் தொடர்பால்தான் உருவாகின்றன. கிள்ளான் நண்பன் வெளியிலிருந்து முதலில் கதவைத் தட்டினான். அவனுக்கென அட்டவணையில் வரி இல்லை. யாருக்கு அனுப்புவது என்று தெரியாததால் ரவுட்டர் அவன் அழைப்பைக் கைவிட்டது.

இதற்குத் தீர்வு, அந்த வரியை நாமே நிரந்தரமாக எழுதிவைப்பது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இதை Port Forwarding என்பார்கள். மைன்கிராப்டின் வழக்கமான போர்ட்டான 25565க்கு வருவதை என் மடிக்கணினிக்கு அனுப்பும்படி எழுதினேன். அப்போதும் நண்பனால் நுழைய முடியவில்லை.

இரண்டாம் நாள் மாலையில்தான் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் WAN IP என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் முகவரி இருந்தது. நம் பொது முகவரியைக் காட்டும் இணையத்தளத்திலோ வேறு எண் வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், இணையச் சேவை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. அதாவது எங்கள் ரவுட்டருக்கும் பொது முகவரி இல்லை. நிறுவனத்திடம் இன்னொரு பெரிய நாட் இருக்கிறது. பல வீடுகள் அதன் பின்னால் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. நான் வரி எழுதியது என் ரவுட்டரில். நண்பனின் அழைப்போ அதற்கு முன்பே, நான் தொட முடியாத அந்த அட்டவணையில் நின்றுவிட்டது.

நிறுவனத்தை அழைத்து, தனிப் பொது முகவரி வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள். எல்லா நிறுவனங்களும் கொடுப்பதில்லை. சிலர் கட்டணம் கேட்பார்கள். ஐபிவி6 இன்னொரு வழி. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி உண்டு என்பதால் நாட் தேவைப்படாது. ஆனால் இரு பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும். ரவுட்டரின் ஃபயர்வாலிலும் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும்.

ரவுட்டரை அணைத்துப் போட்டதும் இரண்டு எண்களும் ஒன்றாயின. சில நிமிடங்களில் கிள்ளான் நண்பன் உள்ளே வந்துவிட்டான். நீங்களும் வீட்டில் சர்வரோ கேமராவோ அமைத்து, வெளியிலிருந்து எட்ட முடியாமல் தவித்தால், முதலில் அந்த இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். நான் அதை முதல் நாளே செய்திருந்தால், இரண்டு மாலைகள் மிச்சமாகியிருக்கும்.