விடியற்காலைக் காபியும் காலை மாத்திரையும்

சென்னை பெருங்குடியில் அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலையில் இருக்கும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 8.30க்கு ஷிஃப்ட். கண் சொக்கும் விடியற்காலை 4 மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி, கூடவே எனர்ஜி டிரிங்க். ஆறு மணிக்கு வேன் ஏறி வீடு வந்து, ஒன்பதுக்குப் படுத்தால் தூக்கம் வராது. எப்படி வரும்? குடித்த கஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். போதாததற்கு, வேன் ஜன்னலில் அடித்த வெயில் மூளையை விழிக்கச் சொல்லிவிட்டது.

நண்பர் கொடுத்த அரை அல்பிரசோலம் முதல் வாரம் ஆளை அடித்துப் போட்டது. சில வாரங்களில் முழு மாத்திரை தேவைப்பட்டது. சாயங்காலம் எழுந்தாலும் மந்தம் விடவில்லை. அதைக் கலைக்க இன்னொரு காபி. இப்படி மாத்திரையும் காபியும் ஒன்றுக்கொன்று ஆள் பிடித்துக் கொடுக்கின்றன.

பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. தூக்கம் முன்னைவிடக் கெடும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகத்தான் குறைப்பார். காபியை ஷிஃப்டின் முதல் பாதியோடு முடித்துக்கொள்வதும், வேனில் கறுப்புக் கண்ணாடி போடுவதும், படுக்கையறைக்குக் கனத்த திரை மாட்டுவதும் பகல் தூக்கத்துக்குக் கைகொடுக்கும்.