தேதியில் தொடங்கும் புகார்

ஏ.டி.எம்.மில் பணம் வராமல், கணக்கில் மட்டும் கழிந்துபோனால் வங்கிக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உதாரணத்துக்காகப் புதுக்கோட்டைப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி எழுதியதாக வைத்துக்கொள்வோம்.

“ஐயா, நான் பதினைந்து வருடமாக உங்கள் வங்கியில்தான் கணக்கு வைத்திருக்கிறேன். மகள் காலேஜ் பீஸ் கட்டுவதற்காகப் போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய் பணம் எடுக்கப் போனேன். மெஷினில் பணம் இல்லை, ஆனால் கணக்கில் எடுத்துவிட்டார்கள். பிராஞ்சில் கேட்டதற்குப் பொறுங்கள் என்றார்கள், மரியாதை இல்லாமல் பேசினார்கள். போன் செய்தேன், புகார் எண் கொடுத்தார்கள். இப்போது முடித்துவிட்டோம் என்கிறார்கள். கடன் வாங்கித்தான் பீஸ் கட்டினேன். தயவு செய்து தக்க நடவடிக்கை எடுக்கவும்.”

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் எவ்வளவு பணம், எந்த ஏ.டி.எம்., எந்த நாள் என்ற மூன்றும் இல்லை. வங்கியில் இதைக் கையில் எடுப்பவருக்கு முதலில் வேண்டியவை அந்த மூன்றும்தான்.

கடிதத்தைத் திருத்தி எழுதுவதற்கு முன் அதைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் சான்று. தேதியை நினைவிலிருந்து எழுதக் கூடாது. வங்கி அனுப்பிய எஸ்.எம்.எஸ்., பாஸ்புக், போனில் இருக்கும் அழைப்புப் பட்டியல் ஆகிய மூன்றையும் எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

தையல்கார அம்மாவின் கதையில் முதல் சிக்கல் அங்கேயே வெளிப்படுகிறது. அவர் நினைவில் அது செவ்வாய்க்கிழமை. எஸ்.எம்.எஸ். சொல்வதோ 2025 மார்ச் 3, திங்கள், மாலை 6.43. ஒரு நாள் தவறினால் வங்கி வேறொரு நாளின் பதிவைப் புரட்டிவிட்டு, ‘அப்படி ஒரு பரிவர்த்தனையே இல்லை’ என்று பதில் எழுதிவிடலாம். கிளைக்குப் போன நாளுக்கு எந்தச் சீட்டும் இல்லை. ஆனால் அன்று மாலை தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்தி இருக்கிறது: “பேங்குக்குப் போயிட்டு வந்தேன், தானா வந்துருமாம்.” தேதி மார்ச் 5. இதுவும் ஒரு சான்றுதான்.

அடுத்தது, பார்த்ததையும் ஊகித்ததையும் பிரிப்பது. ‘மெஷினில் பணம் இல்லை’ என்பது ஊகம். மெஷினுக்குள் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. ‘பணம் எண்ணும் சத்தம் கேட்டது, நோட்டு வெளியே வரவில்லை’ என்பது அவர் கண்டதும் கேட்டதும். முதலாவதை எழுதினால், அன்று மெஷினில் பணம் இருந்தது என்று காட்டியே வங்கி புகாரைத் தள்ளிவிட முடியும். இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது.

வெட்டி அடுக்கிய பிறகு தேதி வரிசை ஐந்தே வரிகளில் அடங்கிவிடுகிறது:

3.3.2025, மாலை 6.42: வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் ரூ.10,000 கேட்டேன். நோட்டு வரவில்லை.
3.3.2025, மாலை 6.43: ரூ.10,000 கழிக்கப்பட்டதாக எஸ்.எம்.எஸ். (நகல் 1)
5.3.2025: கிளையில் நேரில் சொன்னேன். காத்திருக்கச் சொன்னார்கள். (நகல் 2)
10.3.2025: வாடிக்கையாளர் எண்ணில் புகார். புகார் எண் பெற்றேன். (நகல் 3)
14.3.2025: ‘பரிவர்த்தனை வெற்றி, புகார் முடிக்கப்பட்டது’ என எஸ்.எம்.எஸ். (நகல் 4)

எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள பரிவர்த்தனை எண்ணை இரண்டாவது வரியில் அப்படியே எழுதிவிட வேண்டும். ஏ.டி.எம். எந்த வங்கியுடையதாக இருந்தாலும் புகார் போக வேண்டியது கார்டு கொடுத்த வங்கிக்கு. இது தெரியாமல் இரண்டு வங்கிகளுக்கும் நடுவே அலைபவர்கள் நிறையப் பேர்.

இனி பிரச்சினை. தேதிகளை வரிசையாக வைத்ததும் அது தானாகவே தெரிகிறது. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கணக்கில் கழிந்து ஏ.டி.எம்.மில் பணம் வராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் வங்கி தானே பணத்தைத் திருப்பிவிட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும். நாள் கணக்கு காலண்டர் நாள்தான், ஞாயிறும் சேரும்.

மார்ச் 3-க்குப் பின் ஐந்தாம் நாள் மார்ச் 8. ஒன்பதாம் தேதியிலிருந்து தாமதம். கடிதம் மார்ச் 24 அன்று கொடுக்கப்பட்டால், அன்றோடு 16 நாள், ரூ.1,600. ‘போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்’ என்ற சொற்களிலிருந்து இந்தத் தொகை பிறந்திருக்க வழியே இல்லை.

ஆக, பிரச்சினை இரண்டு. பணம் கைக்கு வராமல் கணக்கில் கழிந்தது, கெடு தாண்டியும் திரும்பவில்லை என்பது ஒன்று. எந்த ஆதாரமும் காட்டாமல் ‘வெற்றி’ என்று புகாரை முடித்தது மற்றொன்று. கிளையில் மரியாதைக் குறைவாகப் பேசியது எங்கே போகும்? அந்தக் காயம் உண்மையானது. ஆனாலும் அதை இந்தக் கடிதத்தில் வைக்கக் கூடாது. வைத்தால், ‘ஊழியரிடம் விளக்கம் கேட்கப்பட்டது, வருந்துகிறோம்’ என்று அதற்கு மட்டும் பதில் வந்து, பத்தாயிரம் ரூபாய் பேச்சில்லாமல் போய்விடும். அதைத் தனிக் கடிதமாக எழுதலாம். பதினைந்து வருட உறவும் காலேஜ் பீஸும் இதிலிருந்து விலக வேண்டியவையே. மனசு கேட்காதுதான், ஆனால் பணம் வெளியே வந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அவை எதையும் சேர்ப்பதில்லை.

கடைசியில் கோரிக்கை. ‘தக்க நடவடிக்கை’ என்று கேட்டால் எந்தப் பதிலும் தக்க நடவடிக்கை ஆகிவிடும். ஒவ்வொரு கோரிக்கையும் மேலே உள்ள ஒரு தேதியிலோ பிரச்சினையிலோ கால் ஊன்றி நிற்க வேண்டும். ரூ.10,000 திரும்ப வர வேண்டும். 9.3.2025 முதல் பணம் சேரும் நாள் வரை தினம் ரூ.100 வர வேண்டும். மறுப்பதானால் அதன் அடிப்படையை எழுத்தில் தர வேண்டும்: மெஷினின் மின்னணுப் பதிவேடு, அன்றைய பணக் கணக்குச் சரிபார்ப்பு, கேமரா பதிவு.

இதில் கேமராவுக்குத் தனியாக ஒரு வரி அவசியம். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும் என்பதால், ‘மார்ச் 3 மாலை 6.30 முதல் 7 மணி வரையிலான பதிவை அழிக்காமல் வைக்கவும்’ என்று நேரத்தோடு கேட்க வேண்டும். உண்மையில் இந்த ஒரு வரியை மார்ச் 5 அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு ஒழுங்கும், நோட்டு வெளியே வந்ததைப் பதிவேடும் கேமராவும் சேர்ந்து காட்டினால் உதவாது. அப்போது கேள்வியே வேறாகிவிடும்: அந்த நோட்டை எடுத்தது யார்?

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முத்திரைதான் தேதி வரிசையின் ஆறாவது வரி. எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். மார்ச் 24 முத்திரையிலிருந்து எண்ணினால் அந்த 30 நாள் ஏப்ரல் 23-இல் முடிகிறது. அதுவரை வங்கியிலிருந்து எது வந்தாலும், ஒரு எஸ்.எம்.எஸ். ஆனாலும், வரிசையில் ஏழு, எட்டு என்று ஏறிக்கொண்டே போகும்.