தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு: எடிட் செய்த போட்டோவைக் கண்டுபிடிப்பது எப்படி?

2024 மார்ச் 10. பிரிட்டனில் அன்னையர் தினம். இளவரசி கேட், தன் மூன்று குழந்தைகளுடன் சிரிக்கும் போட்டோவை கென்சிங்டன் அரண்மனை வெளியிட்டது. சில மணி நேரத்திலேயே ஏ.பி., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. போன்ற செய்தி நிறுவனங்கள் அதைத் திரும்பப் பெற்றன. காரணம், குட்டி இளவரசி சார்லட்டின் இடது கை. ஸ்வெட்டர் கையின் நுனி ஒரு இடத்தில் சட்டென்று காணாமல் போயிருந்தது. கேட் போட்டிருந்த ஜாக்கெட்டின் ஜிப்பும் நேராக இல்லை. மறுநாள், எடிட் செய்தது தான்தான் என்று சொல்லி கேட் மன்னிப்புக் கேட்டார்.

துணி, கோடு, ஜிப் என்றால் இப்படிக் கண்ணிலேயே மாட்டிவிடும். முடிதான் கஷ்டம்.

தலைமுடியின் நுனி இழைகள் ரொம்ப மெல்லியவை. அந்த இடத்தில் ஒவ்வொரு பிக்சலிலும் முடியின் நிறமும் பின்னணி நிறமும் கலந்தே இருக்கும். வெள்ளைச் சுவர் முன் எடுத்த ஆளை வெட்டி, மாலை நேர கடற்கரையில் ஒட்டினால், சுவரின் வெள்ளையும் கூடவே வந்துவிடும். ஜூம் பண்ணினால் முடியைச் சுற்றி வெளிறிய கோடு தெரியும். அதற்குப் பயந்து நெருக்கி வெட்டினால் பறக்கும் இழைகள் போய், தலை ஹெல்மெட் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் கோடு தெரிந்ததுமே 'ஃபேக்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். படத்தை ஷார்ப் ஆக்கும்போது போன் கேமராவே ஓரங்களில் இப்படிக் கோடு போடும். அதே படத்தில் மூக்குக்கண்ணாடி ஃபிரேம், ஜன்னல் விளிம்பு ஆகியவற்றையும் பாருங்கள். அங்கேயும் இருந்தால் அது கேமராவின் வேலை. முடியில் மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சந்தேகம் நியாயம்.

அடுத்தது நாய்ஸ், அதாவது வெளிச்சம் குறைந்த படங்களில் வரும் பொடிப்பொடியான புள்ளிகள். கேலரியின் எடிட் பகுதியில் பிரைட்னஸை முழுசா ஏத்துங்க. சுவர், முகம் எல்லாம் பொரிப்பொரியாக இருக்க, சட்டை மட்டும் வழவழவென்று இருந்தால், அந்தச் சட்டை வேறு படத்திலிருந்து வந்திருக்கலாம், அல்லது அங்கே எதையோ அழித்திருக்கலாம். நிழலான இடத்தில் புள்ளிகள் அதிகம் தெரிவது இயல்பு. அதனால் ஒரே அளவு வெளிச்சம் உள்ள இடங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

கடைசியாக வெளிச்சம். மூக்கின் நிழல் இடப்பக்கம் விழுந்தால், புடவை மடிப்பின் நிழலும் கிட்டத்தட்ட இடப்பக்கமே விழணும். கல்யாண மண்டபம் மாதிரி பல விளக்குகள் உள்ள இடத்தில் இந்தச் சோதனை எடுபடாது.

வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த காப்பியில் இதையெல்லாம் தேடுவது பெரும்பாலும் வேஸ்ட். ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நாய்ஸ் அழிந்து, ஓரங்களில் புதுசா கட்டங்கள் முளைக்கும். கூகுள் லென்ஸில் தேடி, முதலில் போடப்பட்ட பெரிய சைஸ் படத்தை எடுத்து, அதில் ஜூம் பண்ணுங்க.