பொங்கலுக்கும் மணியடிக்கும் நினைவூட்டல்

போன் அலாரத்தில் திங்கள் முதல் சனி வரை டிக் அடித்துவிட்டால் ஞாயிறு தொல்லை தீர்ந்தது. ஆனால் பொங்கல் வியாழக்கிழமை வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? காகித மொத்த வியாபாரம் செய்யும் என் நண்பர், முந்தின நாள் வசூல் கணக்கைக் கேட்டு தினமும் காலை ஊழியர்களுக்குத் தானாக மெயில் போக வைத்திருந்தார். பொங்கல் பானை பொங்கும் நேரத்தில் ‘வசூல் எங்கே?’ என்று மெயில் வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது!

கூகுள் ஷீட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலை B பத்தியில் ஒவ்வொரு தேதியாக இறக்கி, D1 கட்டத்தில் இதைப் போட வேண்டும்:

```
=NETWORKDAYS.INTL(TODAY(), TODAY(), 11, B2:B)
```

இன்று வேலை நாள் என்றால் 1, இல்லையென்றால் 0. நடுவில் உள்ள 11, ஞாயிறு மட்டுமே வார விடுமுறை என்பதற்கான குறி. அங்கே 1 போட்டால் சனியும் விடுமுறையாகிவிடும். மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் முதலில் D1-ஐப் பார்த்து, 1 இருந்தால் மட்டும் அனுப்பினால் போதும். 2026 ஜனவரியில் 15, 16, 17 மூன்றும் பொங்கல் விடுமுறை, 18 ஞாயிறு. புதன்கிழமை போன மெயில் அடுத்து 19 திங்களன்றுதான் போக வேண்டும்.

நண்பருக்கு அப்படிப் போகவில்லை. 18 ஞாயிறன்று போகாதது எங்கள் வெற்றி என்று நினைத்தோம், திங்களன்றும் போகவில்லை. அடுத்த ஞாயிறு காலை மட்டும் சரியாக வந்து நின்றது! ஞாயிறு வருகிறது, திங்கள் வரவில்லை என்றாலே ஷீட்டின் கடிகாரம் அமெரிக்காவில் இருக்கிறது என்று அர்த்தம். நமக்குத் திங்கள் காலை எட்டு மணி என்றால் கலிபோர்னியாவில் அது ஞாயிறு மாலை. File > Settings-இல் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றியதும் சரியானது.

அதே இடத்தில் Locale என்பதையும் இந்தியாவாக்குங்கள். அமெரிக்க முறையில் இருக்கும் ஷீட்டில் மே தினத்துக்கு 1/5/2026 என்று அடித்தால் அது ஜனவரி 5 ஆகிவிடும். பிழை என்று எதுவும் காட்டாது. ஜனவரியில் ஒரு திங்கள் காரணமில்லாமல் மெயில் நிற்கும், மே தினத்தன்று வந்து நிற்கும். தேதிகள் மாதப் பெயரோடு தெரியும்படி வைத்துக்கொண்டால் கண்ணிலேயே பட்டுவிடும்.

எந்தச் சூத்திரத்துக்கும் பிடிபடாத விடுமுறைகளும் உண்டு. ரம்ஜான் பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் தள்ளிப்போகும். தேர்த் திருவிழாவுக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவார். அவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டும். டிசம்பரிலேயே புதுப் பட்டியலையும் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஜனவரி முதல் தேதி காலையிலேயே ‘வசூல் எங்கே?’ வந்துவிடும்.