அலுமினிய வளைவில் ஈல்டு பாயின்ட் எங்கே?

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எழுதுகிற மாணவர்களுக்கு முதலில் பழகிப்போவது மைல்டு ஸ்டீலின் வளைவுதான். நேராக ஏறும், ஒரு முனையில் சட்டென்று சற்று இறங்கும், கொஞ்ச தூரம் மட்டமாக ஓடும், பிறகு மறுபடி ஏறும். முதலில் இறங்குகிற அந்த முனை மேல் ஈல்டு பாயின்ட், மட்டமாக ஓடும் இடம் கீழ் ஈல்டு பாயின்ட். இழுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் மேல் முனை இடம் மாறும். கீழ்மட்டம் அவ்வளவாக அசையாது. அதனால் பல பாடப்புத்தகங்கள் கீழ்மட்டத்தையே நம்பி எடுக்கின்றன.

சிக்கல் அலுமினியக் கலவை வரும்போதுதான். அதன் வளைவில் இறக்கமும் இல்லை, மட்டமும் இல்லை. நேர்கோடு எங்கே முடிந்தது என்று தெரியாமலே மெல்ல வளைந்துவிடுகிறது. கண்ணால் பார்த்து ஒரு புள்ளி வைத்தால் பத்து பேர் பத்து இடத்தில் வைப்பார்கள். அதற்காகவே பொறியாளர்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: சுமையை எடுத்த பிறகும் 0.2 சதவீத நீட்சி நிரந்தரமாகத் தங்கிவிடுகிற தகைவையே ஈல்டு என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 0.2 சதவீத புரூஃப் ஸ்ட்ரெஸ் என்று பெயர்.

ஒரு கணக்காகவே பார்ப்போம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கம்பி. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். நீட்சியை அளக்க அதில் குறித்துக்கொண்ட நீளம் 50 மில்லிமீட்டர். 11 கிலோ நியூட்டன் சுமை ஏற்றியபோது அந்த நீளம் 0.1 மில்லிமீட்டர் கூடியது. சுமையைப் பரப்பால் வகுத்தால் தகைவு 140 மெகாபாஸ்கல். நீட்சியை நீளத்தால் வகுத்தால் திரிபு 0.002. இந்தப் புள்ளி இன்னும் நேர்கோட்டின் மேலேயே இருக்கிறது என்பதை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் 140-ஐ 0.002-ஆல் வகுக்கலாம்: 70,000 மெகாபாஸ்கல், அதாவது 70 கிகாபாஸ்கல். அலுமினியத்தின் மீட்சிக் குணகம் இந்த அளவில்தான் இருக்கும்.

இனி ஈல்டு. திரிபு அச்சில் 0.002 என்ற இடத்தில் பென்சிலை வைத்து, முதல் நேர்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுக்க வேண்டும். கை நடுங்கினால் சரிவு மாறிவிடும். அதனால் கோட்டில் இன்னொரு புள்ளியையும் கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்லது. அச்சில் 0.006, உயரத்தில் 280 என்ற புள்ளி வழியாக இந்தக் கோடு போயே ஆக வேண்டும். நம் வளைவை அது 270 மெகாபாஸ்கலில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவே விடை.

அந்த வெட்டுப்புள்ளியில் மொத்தத் திரிபு சுமார் 0.00586. சுமையை இறக்கினால் கம்பி வளைவின் வழியே திரும்பி வராது. இதே இணைகோட்டின் வழியாகத்தான் இறங்கி வரும். 0.00386 மீண்டுவிடும், 0.002 தங்கிவிடும். 50 மில்லிமீட்டர் நீளத்தில் அது 0.1 மில்லிமீட்டர். இணைகோடு வெறும் வரைபட உத்தி இல்லை என்பது இங்கேதான் புரியும்.

மதிப்பெண் போகிற இடங்கள் இரண்டு. ஒன்று, ஆதியிலிருந்து வெட்டுப்புள்ளிக்கே கோடு போட்டுச் சரிவு எடுப்பது. 270-ஐ 0.00586-ஆல் வகுத்தால் 46 கிகாபாஸ்கல் வரும். அலுமினியத்துக்கு இது பொருந்தாது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். மற்றொன்று, அச்சில் திரிபு சதவீதத்தில் இருப்பதைக் கவனிக்காமல் 0.2-ஆலேயே வகுப்பது. விடை நூறு மடங்கு குறைந்து 700 மெகாபாஸ்கலில் நிற்கும்; ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல் வரவேண்டிய ஸ்டீலுக்கு 2 என்று வருவதும் இதே கோளாறுதான்.

மைல்டு ஸ்டீலிலும் ஒரு பொறி உண்டு. 250 மெகாபாஸ்கலில் ஈல்டு ஆகும் ஸ்டீல் அதுவரை நீள்வது வெறும் 0.125 சதவீதம். உடையும்வரை, அதாவது 25 சதவீதம்வரை, முழு வளைவையும் 20 சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்தால், நேர்கோட்டுப் பகுதி முழுக்க ஒரே ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பென்சில் கோட்டின் தடிமனே அதில் பாதி. அங்கே சரிவு எடுப்பது வீண் வேலை. கேள்வித்தாளில் தொடக்கப் பகுதியைப் பெரிதாக்கிய இரண்டாவது வரைபடமோ தனி அளவுகோலோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆய்வகத்தில் இதையே செய்யும்போது வளைவின் அடி கொஞ்சம் படுத்தபடி தொடங்கும். கம்பி பிடிப்பானில் சரியாக உட்காரும்வரை உள்ள தளர்வு அது. பொருளின் குணம் இல்லை. நேர்ப்பகுதியைக் கீழே நீட்டி, அது அச்சைத் தொடும் இடத்தையே பூச்சியமாகக் கொண்டு, அங்கிருந்து 0.002 எண்ண வேண்டும். நீட்சியையும் கம்பியில் மாட்டிய எக்ஸ்டென்சோமீட்டரில்தான் படிக்க வேண்டும். இழுக்கும் இயந்திரத்தின் தலை நகர்ந்த தூரத்தை எடுத்தால் இயந்திரமும் பிடிப்பானும் கொடுத்த நெகிழ்வும் அதில் சேர்ந்துவிடும். ஈல்டு தகைவு ஓரளவு சரியாகவே வந்தாலும் குணகம் பாதிக்கும் கீழே போய்விடும்.